இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் அப்பா

கேள்வி: எனக்கு 31 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு மஸ்கெலியா பக்கம் தோட்டத்தில். மனைவி பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியை. மகளுக்கு 10 மாதம். இரண்டு கிழமைக்கு ஒருக்கா வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி நடுச்சாமத்தில் வீடு போய்ச் சேருவேன், ஞாயிறு பகல் 2 மணிக்குத் திரும்ப வேண்டும். போனில் பால் குடித்தாளா, காய்ச்சல் விட்டதா, காசு போட்டீங்களா, அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குப் போனால் மகள் என்னைக் கண்டு அழுகிறாள். நான் எதைச் செய்தாலும் மனைவிக்குப் பிழையாகத் தெரிகிறது. அவள் மகளோடும் என் அம்மாவோடும் உள் அறையில் படுக்கிறாள், நான் முன் அறையில். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. இத்தனைக்கும் அவள் கேட்டதையெல்லாம் செய்து கொடுக்கிறேன். எங்கே பிழை?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் முடிச்சு இருக்கிறது. "கேட்டதையெல்லாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கிறவர் ஒருவர், செய்கிறவர் ஒருவர் என்று வீடு பிரிந்துபோனால், கேட்கிறவருக்கு வேலை குறைவதில்லை. எது தீரப்போகிறது, எப்போது வாங்க வேண்டும், எதை வாங்குவது, வந்து சேர்ந்ததா என்ற நான்கையும் அவர்தான் தலையில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்க சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு வீட்டு வேலையின் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியைத்தான் பிரித்துக் காட்டியது: முன்கூட்டி உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. இதில் உணர்வதும் கவனிப்பதும்தான் பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தன. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் கடைசிக் கட்டத்தில் வந்து காசைக் கட்டுகிறீர்கள், பையைச் சுமக்கிறீர்கள். அதற்கு முந்திய மூன்று கட்டத்தையும் அவர் பாடசாலையில் கரும்பலகைக்கு முன் நின்றுகொண்டு செய்துவிட்டார். அதனால் போனில் அவர் உங்களோடு பேசும்போது மனைவியாகப் பேச இடமில்லை, வேலை ஏவுகிறவராகத்தான் பேச முடிகிறது.

பரிகாரம் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். பேச்சுக் குறைந்ததற்குக் காரணம் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாகவும் இருக்கலாம். பிள்ளை பிறந்து ஒரு வருடம் வரை அது தலைகாட்டலாம். பிள்ளை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாடு இறங்காமல் இருப்பது, முன்பு பிடித்தது எதிலும் மனம் ஒட்டாதது, "நான் நல்ல தாய் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அது உறவுச் சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உள்ள ஒரு தாள் இருக்கிறது. கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தன என்று மட்டும் கேட்கும், நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்று அவர் ஒரு தடவை சொன்னாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எந்த நேரமும் பேசலாம். இந்தச் சோர்வு அப்பாமாருக்கும் வரும். கொழும்பில் அறைக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு வந்திருந்தால் உங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது இல்லை என்று தெரிந்தால், முதல் வேலை ஒரு பொறுப்பை முழுதாக உங்கள் கைக்கு எடுப்பது. ஒன்றே ஒன்று. புறக்கோட்டையில் இருந்துகொண்டே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பேம்பர்ஸ் நல்ல தொடக்கம், ஏனென்றால் மொத்த விலையில் வாங்கும் தெருவிலேயே நீங்கள் வேலை செய்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பகலில் துணி, இரவுக்கும் வெளியே போவதற்குமாக நாளைக்கு 2 பேம்பர்ஸ் என்று வைத்தால் 14 நாளைக்கு 28. வயிற்றோட்டம் வந்தால் கைக்கு 6 கூட, ஆக 34. இது வெயில் மாதத்துக் கணக்கு. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் உங்கள் பக்கத்தில் துணி மூன்று நாளானாலும் காயாது. இஸ்தோப்பில் கொடி கட்டினாலும் ஈர வாடைதான் மிஞ்சும், அடுப்புக்கு மேலே போட்டால் புகை ஏறும். அப்போது பகலுக்கும் 2 வேண்டும், கணக்கு 62 ஆகிவிடும். மழை வருமுன்னே இதை நினைத்து, கேட்காமலே 62 கொண்டுபோய் வைப்பதுதான் பொறுப்பு எடுப்பது. மனைவி போன் பண்ணி "துணி காயலீங்க" என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டு போனால் அது உதவி மட்டும்தான். சைஸும் உங்கள் பாடுதான். பக்கெட்டில் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று போட்டிருக்கும். மகளின் நிறை கிளினிக் கொப்பியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அந்தப் பக்கத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல் எல்லையை நெருங்கிவிட்டால் அடுத்த சைஸ். தொடையில் சிவப்புக் கோடு விழுவதும் இரவில் ஒழுகுவதும் சைஸ் சிறுத்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

இங்கே எது கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவையே நீங்கள் ஒன்றை மறப்பீர்கள். அப்போது "நீ ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்று வாயில் வரும். அந்த வசனம் முழுப் பொறுப்பையும் திரும்ப அவர் தலையில் ஏற்றிவிடும். "நான் மறந்துட்டேன், டவுனில் இன்னைக்கே ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லி, கூடின விலையானாலும் மஸ்கெலியா டவுனில் யாரையாவது பிடித்து வாங்கிக் கொடுங்கள். அவர் பக்கத்தில் நடக்க வேண்டியதும் உண்டு. மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதை அவர் நிறுத்த வேண்டும். உடனே நிற்காது. நான்கைந்து கிழமை நீங்கள் தவறாமல் கொண்டுவந்த பிறகுதான் அவருடைய மனம் அந்தக் கணக்கை விடும்.

அடுத்ததாக எடுக்க வேண்டியது 12 மாதக் கிளினிக். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி அப்போதுதான். திகதி கொப்பியில் எழுதியிருக்கும், அது வார நாளாகத்தான் இருக்கும். இரண்டு கிழமைக்கு முன்பே கடையில் லீவு சொல்லி, மனைவியைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு நீங்களே மகளைத் தூக்கிக்கொண்டு போங்கள். கொப்பி, மாற்றுத் துணி, தொப்பி, கொதித்தாறின தண்ணீர், இவ்வளவும் முதல் நாள் இரவே பையில் இருக்கட்டும். ஊசிக்குப் பிறகு எதைக் கவனிக்க வேண்டும், காய்ச்சல் மருந்து எத்தனை மில்லிலீற்றர் என்று மிஸ்ஸியிடம் நீங்கள் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலை மனைவி உங்களிடம் "மிஸ்ஸி என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். பத்து மாதமாகத் தகவல் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தது, அன்றைக்கு முதன்முறையாக உங்களிடமிருந்து போகும்.

மகள் அழுவதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். 7, 8 மாதமளவில் பிள்ளைகளுக்கு முகம் பிரித்தறியும் பயம் வரும், ஒரு வயதை ஒட்டி அது உச்சத்தில் இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை பார்க்கும் முகம் பழகிய முகத்துக்கும் புது முகத்துக்கும் நடுவில் இருக்கிறது. பிழை எங்கே நடக்கிறது என்றால், சனி விடியற்காலை கண் விழித்ததும் ஆசையில் தாயின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிவிடுகிறீர்கள். பிள்ளை அலறுகிறது, மனைவி உடனே திரும்ப வாங்கிக்கொள்கிறார், "அப்பாவுக்குத் தூக்கத் தெரியாது" என்று மூன்று பேருமே நம்பிவிடுகிறீர்கள். அதற்குப் பதில் பாயில் உட்காருங்கள். பிள்ளையை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, ஒரு டின் மூடியையும் கரண்டியையும் வைத்துத் தட்டிக்கொண்டிருங்கள். தாய் எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். 15, 20 நிமிடத்தில் அவளாகவே தவழ்ந்து வந்து உங்கள் முழங்காலைப் பிடிப்பாள். அப்போதும் தூக்க வேண்டாம், அவள் கையை நீட்டும்போது தூக்குங்கள். வீட்டில் இல்லாத நாட்களில் தினமும் மாலை வீடியோவில் ஒரே பாட்டை, ஒரே ராகத்தில் பாடிக் காட்டினால் சனிக்கிழமைப் பழக்கம் சீக்கிரம் நடக்கும். சிக்னல் கிடைக்காத லயமென்றால் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள்.

மனைவி திருத்திக்கொண்டே இருப்பதற்கும் மருந்து இதிலேயே இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும். இருவரும் உட்கார்ந்து ஆபத்தான விஷயங்கள் மூன்றைப் பிரித்தெடுங்கள்: குளிக்க வைக்கும் தண்ணீரின் சூடு, தொண்டையில் அடைக்கக்கூடிய சாப்பாடும் சின்னப் பொருட்களும், தூங்கும்போது முகத்தை மூடும் கனத்த கம்பளி. இந்த மூன்றில் அவர் எந்த நேரமும் குறுக்கிடலாம், நீங்கள் முகம் கோணக் கூடாது. மற்றதில், சட்டையை முன்பின்னாகப் போட்டாலும் சோற்றை முகமெல்லாம் பூசினாலும், அவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது எந்தத் தாய்க்கும் முடியாத காரியம், அதனால்தான் வெளியே போகச் சொல்கிறேன்.

சனி இரவு முழுவதும் உங்கள் முறை. 10 மாதப் பிள்ளை இரவில் ஒன்றிரண்டு தடவை விழிப்பது வழக்கம். இரவு 9 மணிக்குத் தாய் பால் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுக்கட்டும். முதல் விழிப்பை நீங்கள் பாருங்கள். தோளில் போட்டு, விளக்குப் போடாமல், 15 நிமிடம் நடந்து பாருங்கள். அடங்கவில்லை என்றால் தாயிடம் கொண்டுபோங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. நோக்கம் பிள்ளையின் பாலை நிறுத்துவது அல்ல. தாய்க்கு ஒரே மூச்சில் நான்கு மணி நேரத் தூக்கம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இரவு அவருக்கு மார்பு கட்டிக்கொண்டு நோகலாம், கொஞ்சம் கையால் பீய்ச்சிவிட்டால் சரியாகும். பீய்ச்சிய பாலை மூடி வைத்தால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைத்திருக்கலாம், கோப்பையால் நீங்களே புகட்டலாம். ஞாயிறு காலை அவருடைய முகத்தைப் பாருங்கள். தூங்கி எழுந்த ஆளோடு பேசுவது வேறு, துண்டு துண்டாகத் தூங்கிய ஆளோடு பேசுவது வேறு.

இனி பேச்சு. அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மனும் சகாக்களும் புதுத் தம்பதிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், தாயான பெண்களில் 67 வீதமானோருக்குத் திருமணத்தில் நிறைவு குறைந்திருந்தது. மிச்சப் பேருக்குக் குறையவில்லை. அந்த வீடுகளில் கணவன் மனைவி மேல் பிரியத்தைக் காட்டிக்கொண்டிருந்தான், அவளுடைய அன்றாடத்தில் என்ன நடக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதைக் கவனியுங்கள். உங்கள் மனைவி எந்த வகுப்புக்குப் போகிறார், எந்தப் பாடவேளை தலைவலி, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று இப்போது உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைக்கு முன் தெரிந்திருக்கும்.

போனை இரண்டாகப் பிரியுங்கள். பிள்ளையின் கணக்கு, காசு, மருந்து எல்லாம் எழுத்தில், வாட்ஸ்அப்பில் மட்டும். இரவு 8.45 போல் மகள் தூங்கியதும் ஒரு அழைப்பு, 15 நிமிடம், அதில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதல் நாள் இரண்டு நிமிடத்திலேயே பேச்சு வறண்டுவிடும். சாதாரணமாக நடப்பதுதான், வைத்துவிடாதீர்கள். "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டால் "ம், பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். பெயரோடு, இடத்தோடு கேளுங்கள். ஒரு உதாரணம்:

"ஆறாம் வகுப்புல அந்தப் பின் வரிசைப் பையன் இன்னைக்கு வந்தானா?"

"வந்தான். அதிபர் விளையாட்டுப் போட்டி வேலைய என் தலையில கட்டிட்டாருங்க."

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கணவன்மார் கவிழ்கிறார்கள். "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று யோசனை சொல்லிவிடுவார்கள். அவருக்கு அது, இதுகூடத் தெரியாதவளா என்று கேட்பதாகத்தான் காதில் விழும். "இருக்கிற வேலைக்கு மேல அதுவுமா? யாரு யாரெல்லாம் இருக்காங்க அதுல?" என்று கேட்டால் அவர் மேலே பேசுவார். யோசனை சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், "நான் கேட்டுக்கிட்டா போதுமா, ஏதாவது சொல்லவா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் நாளையும் சொல்ல வேண்டும். அறையில் நான்கு பேர் இருந்தால் மாடிப்படியில் போய் நின்று பேசுங்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் நீங்களும் "ம்" போட்டே முடித்துவிடுவீர்கள்.

வீட்டில் இருக்கும் சனிக்கிழமை மாலை அம்மாவிடம் மகளை 45 நிமிடம் விட்டுவிட்டு இருவரும் தேயிலைப் பாதையில் நடந்துவிட்டு வாருங்கள். அந்த நடையில் கடைச்சாமான் வாங்கக் கூடாது, உறவுக்காரர் வீட்டில் ஏறக் கூடாது. அம்மாவிடம் கேட்க வேண்டியவர் நீங்கள். மருமகள் கேட்டால் "பிள்ளைய விட்டுட்டுச் சுத்தப் போறா" என்று ஆகிவிடும், மகன் கேட்டால் அது உங்கள் விருப்பம். உள் அறையைப் பற்றியும் நீங்களேதான் பேச வேண்டும். அம்மா இத்தனை நாள் இரவில் கூட இருந்தது பெரிய துணை, அதைச் சொல்லியே தொடங்குங்கள்: "நீங்க பத்து மாசமா கண் முழிச்சுட்டீங்க, நான் வீட்டுல இருக்கிற ரெண்டு ராத்திரியாவது முன் அறையில நிம்மதியாத் தூங்குங்கம்மா." அதற்கு முன் மனைவியின் சம்மதத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஒரே அறையில் படுத்தால் உடனே எல்லாம் பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைவாக இருப்பதால் யோனி வறண்டு, சேரும்போது வலிக்கலாம். அவருடைய ஆசையும் குறைந்திருக்கும், நாள் முழுக்கப் பிள்ளை உடம்பில் ஒட்டியிருப்பதால் யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்றும் தோன்றும். உங்கள் மேல் வெறுப்பு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் சில தடவை காலைப் பிடித்துவிடுவது, தோளை அழுத்திவிடுவது, அதோடு நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதாக முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தொட்டால் அது எங்கே போய் முடியுமோ என்ற கவலைதான் அவரை விலகிப் படுக்க வைக்கிறது. வலி இருந்தால் பாமசியில் தண்ணீர் சார்ந்த மசகு ஜெல் கேட்டு வாங்கலாம். ஆணுறை பாவித்தால் தேங்காயெண்ணெய் கூடாது, அது ரப்பரைக் கெடுத்துவிடும். அப்படியும் வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அடுத்த பிள்ளை பற்றிய பயமும் ஒரு காரணமாக இருக்கலாம். பால் கொடுத்தால் கர்ப்பம் தங்காது என்ற நம்பிக்கை, மாதவிடாய் திரும்பாமல், தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இருக்கும் முதல் 6 மாதத்துக்கு மட்டும்தான் பொருந்தும். உங்கள் மகள் சோறு சாப்பிடுகிறாள். ஆகவே குடும்பக்கட்டுப்பாட்டு முறை ஒன்றை மிஸ்ஸியிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

மனக்குறைகளைப் பேச வேண்டியது சனிக்கிழமை நடையின் கடைசிப் பகுதியில். ஞாயிறு பகலில் வேண்டாம். பஸ் ஏறும் நேரம் நெருங்க நெருங்க இருவருக்குமே பிரிவின் எரிச்சல் ஏறும், சின்ன வார்த்தையும் குத்தும், அதைச் சரிப்படுத்த நேரம் இருக்காது. பிறகு 14 நாள் அந்த வார்த்தையோடு இருவரும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் தொடங்காதீர்கள். இந்தப் பயணத்தில் பேம்பர்ஸும் சனி இரவும் மட்டும். அடுத்த கிழமையிலிருந்து இரவு அழைப்பு. நான்கு பயணம், அதாவது இரண்டு மாதம், பாருங்கள். நீங்கள் கேட்காமலே பாடசாலைக் கதை ஒன்றை அவராக எடுத்துச் சொன்னால் வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதமாகியும் அழைப்பை எடுக்காமலே விடுகிறார், அல்லது எடுத்தால் ஏளனமும் குத்தலும்தான் வருகிறது என்றால் மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், கட்டணம் இல்லை. நீங்கள் வீட்டில் இருப்பது சனி ஞாயிறு என்பதால், கிளினிக்குக்கு லீவு எடுக்கும் அந்த வார நாளிலேயே பின்னேரம் அவரைச் சந்திக்க நேரம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.